பழைய லேத்தா, புதிய லேத்தா? பெட்டைச் சோதித்த பிறகு விலையைப் பேசுங்கள்

கேள்வி:

ஐயா, நான் தலவாக்கலையில் இருக்கிறேன். ஒரு தேயிலை பெக்டரியின் வேர்க்‌ஷொப்பில் பிட்டராக ஒன்பது வருடம் இருந்துவிட்டு, இப்போது ரோட்டோரமாகச் சின்னப் பட்டறை ஒன்று போட்டிருக்கிறேன். பெக்டரி சாப்ட், புஷ், புல்லி, மரக்கறித் தோட்டத்துத் தண்ணீர் பம்ப், முச்சக்கர வண்டி வேலைகள் வருகின்றன. லேத் இல்லாததால் பாதி வேலையை ஹட்டனுக்கு அனுப்புகிறேன். கொழும்பில் ஜப்பானிலிருந்து வந்த பழைய 6 அடி லேத் 14 இலட்சம் சொல்கிறார்கள். அதே அளவு புதிய சீன லேத் 26 இலட்சம், ஒரு வருட உத்தரவாதத்தோடு. கையில் 15 இலட்சம் இருக்கிறது. மேலே வேண்டுமானால் வங்கி 15 வீத வட்டிக்குத் தரும். நகையை வைக்கலாம் என்று மனைவியும் சொல்கிறார். கடையில் சிங்கிள் பேஸ் கரண்ட்தான். எதை வாங்குவது? பழையதென்றால் எதைப் பார்ப்பது? பிறகு விற்க வேண்டி வந்தால் போட்ட காசு திரும்புமா?

பதில்:

தம்பி, உங்களுக்கு வருகிற வேலைகளுக்குப் பழைய ஜப்பான் லேத்தே போதும். நகையை வைக்க வேண்டாம். ஆனால் அந்த லேத்தின் பெட் தேற வேண்டும். அது தேறாவிட்டால் 14 இலட்சத்துக்கு மட்டுமல்ல, 8 இலட்சத்துக்குத் தந்தாலும் விட்டுவிட்டு வாருங்கள்.

பெட்டைப் பற்றி இவ்வளவு கண்டிப்பாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பழைய லேத்தில் பேரிங் தேயும், கிராஸ் ஸ்லைடின் பித்தளை நட் தேயும், சக்கின் ஜோ வாய் விரியும், பெல்ட் போகும், மோட்டர் எரியும். இவை எல்லாவற்றையும் மாற்றலாம். பித்தளை நட்டை அதே லேத்திலேயே கடைந்துகூடப் போட்டுக்கொள்ளலாம். பெட் அப்படியல்ல. சேடில் ஓடும் அந்த வார்ப்பிரும்புத் தடம் தேய்ந்துவிட்டால் முழு நீளத்துக்கும் கிரைண்ட் செய்ய வேண்டும். கிரைண்ட் செய்தால் சேடில் கீழே இறங்கும். இறங்கினால் லீட் ஸ்குரூவோடு பொருந்தாது. அதை மறுபடி உயர்த்த அடியில் பட்டை ஒட்டிச் சுரண்டிச் சரிப்படுத்த வேண்டும். அந்த வேலையைச் சுத்தமாகச் செய்து முடிக்கிற செலவில் இன்னொரு பழைய லேத் வாங்கிவிடலாம். அதனால் சோதிக்கப் போகும்போது பெயின்டையும் மோட்டரையும் முதலில் பார்க்காதீர்கள்.

பெட் எல்லா இடத்திலும் ஒரே அளவாகத் தேய்வதில்லை. பெரும்பாலான வேலை சக்கிலிருந்து ஓர் அடிக்குள் நடப்பதால் அந்த இடம்தான் அதிகம் தேயும். டெயில்ஸ்டொக் பக்கம் கிட்டத்தட்ட புதிதுபோலவே இருக்கும். இந்த வித்தியாசத்தை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். முதலில் சேடிலை டெயில்ஸ்டொக் பக்கம் தள்ளிவிட்டு, முன்பக்கத்து வி தடத்தில் சக்குக்கு அருகே நகத்தை மேலிருந்து கீழாக இழுத்துப் பாருங்கள். சேடில் படாத ஓரத்துக்கும் படுகிற பரப்புக்கும் நடுவே ஒரு படி நகத்தில் தட்டினால் தேய்மானம் இருக்கிறது. நகத்தில் தட்டியதுமே வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். அடுத்த சோதனைக்குப் போங்கள். சேடிலைச் சக்கின் அருகே கொண்டுவந்து, அதைப் பூட்டும் போல்ட்டை இலேசாக உரசும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். பிறகு கைச்சில்லைச் சுற்றி டெயில்ஸ்டொக் பக்கம் ஓட்டிக்கொண்டே போங்கள். கடைசி வரை ஒரே கனத்தில் சுற்றினால் நல்லது. போகப்போக இறுகி, ஓரிடத்தில் நின்றே போனால், சக்கின் அருகே பெட் நன்றாக இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். இந்தச் சோதனைக்குக் கரண்ட்கூடத் தேவையில்லை. தோட்ட பெக்டரிகள் ஏலத்தில் கழிக்கிற லேத்தைப் பார்க்கப் போனாலும் இது உதவும்.

உண்மையான தீர்ப்பைத் தருவது கட்டிங் சோதனை. கையோடு 40 மில்லிமீற்றர் மைல்ட் ஸ்டீல் கம்பி ஒன்று, கூரான டூல் ஒன்று, உங்கள் மைக்ரோமீற்றர் மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள். கம்பியைச் சக்கில் பிடித்து 150 மில்லிமீற்றருக்குச் சற்று மேல் வெளியே விடுங்கள். டெயில்ஸ்டொக்கால் தாங்க வேண்டாம். முதலில் ஒரு கட் எடுத்துத் தோலை நீக்கிவிட்டு, பிறகு 0.1 மில்லிமீற்றர் ஆழத்தில், மெல்லிய ஆட்டோ பீடில், முழு நீளத்துக்கும் ஒரே கட்டாகப் போடுங்கள். சூடு ஆறியதும் ஐந்து இடங்களில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

பண்டாரவளைப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் ஒருவருக்காக நான் பார்க்கப் போன ஒரு லேத்தின் அளவுகளைத் தருகிறேன். நுனியில், அதாவது சக்கிலிருந்து 150 மில்லிமீற்றரில், 39.00. 120இலும் 39.00. 90இல் 39.01. 60இல் 39.03. 30இல் 39.05. இந்த அளவுகளை நிதானமாகப் பாருங்கள். சக்கை நெருங்க நெருங்கக் கம்பி தடிக்கிறது. அதுவும் சீராகத் தடிக்கவில்லை. முதல் 60 மில்லிமீற்றரில் 0.01தான் ஏறியது, அடுத்த 60இல் 0.04 ஏறிவிட்டது. தேய்மானம் இருக்கும் பெட் இப்படித்தான் காட்டும். முன் தடம் இறங்கும்போது சேடில் முன்னே சாய்கிறது. டூலின் நுனி உங்களை நோக்கி வெளியே வருகிறது. அங்கே கட் குறைந்து கம்பி தடித்து நிற்கிறது. டூல் வெளியே வந்த தூரத்தைப்போல இரண்டு மடங்கு விட்டத்தில் தெரியும்.

சரி, எல்லாச் சாய்வும் தேய்மானமா? இல்லை. ஐந்து அளவும் ஒரே ஏற்றத்தில் சீராகக் கூடியோ குறைந்தோ போனால், லேத் மட்டமில்லாத தரையில் முறுகி நிற்கலாம், அல்லது ஹெட்ஸ்டொக் இலேசாகத் திரும்பியிருக்கலாம். விற்பவரின் முற்றத்தில் பலகைத் துண்டுகளின் மேல் நிற்கிற லேத்தில் இது சாதாரணம். உங்கள் தரையில் மட்டம் பார்த்து நிறுத்தினால் அது சரியாகும். நுனி தடித்துச் சக்கின் பக்கம் மெலிந்திருந்தால் டூல் மழுங்கியிருக்கலாம், கம்பி டூலுக்கு வளைந்து கொடுத்திருக்கலாம், பேரிங் தளர்ந்திருக்கலாம். சீரில்லாமல், சக்கின் பக்கம் மட்டும் திடீரென்று தடிப்பதுதான் பெட்டின் கையெழுத்து.

அந்தப் பண்டாரவளை லேத்தை வாங்கலாமா என்று என்னிடம் கேட்டபோது வாங்கச் சொன்னேன். 0.05 வித்தியாசம் கேட்கப் பயமாக இருக்கும். ஆனால் லேத்தின் பிழையை வேலையின் நீளத்தோடு வைத்துத்தான் எடைபோட வேண்டும். நீங்கள் அடிக்கடி கடையப்போவது பேரிங் உட்காரும் இடம். 6205 பேரிங்கை எடுத்துக்கொள்வோம். உள்விட்டம் 25, அகலம் 15 மில்லிமீற்றர். சுழலும் சாப்ட்டில் அது வழக்கமான இறுக்கத்தோடு உட்கார வேண்டுமானால் சாப்ட் 25.002க்கும் 25.015க்கும் இடையில் இருக்க வேண்டும். அதாவது உங்களுக்குக் கிடைக்கும் இடம் 0.013 மட்டுமே. அந்த லேத்தில் சக்கை ஒட்டிய மோசமான பகுதியில் 30 மில்லிமீற்றருக்கு 0.02 சாய்வு, 15 மில்லிமீற்றருக்கு 0.01. கிடைக்கும் இடத்தை அது ஏறக்குறைய முழுக்கத் தின்றுவிடும். அதே சாப்ட்டைச் சற்று வெளியே தள்ளிப் பிடித்து, டெயில்ஸ்டொக் சென்டரால் தாங்கி, பேரிங் இடம் சக்கிலிருந்து 100 மில்லிமீற்றருக்கு அப்பால் வரும்படி வைத்தால் சாய்வு 0.005 அளவுதான். வேலை சுத்தமாக முடியும். ட்ரையர் பேன் சாப்ட்டோ பம்ப் சாப்ட்டோ, பேரிங் இடங்கள் குட்டையானவை. இந்த முறையில் பிழைத்துக்கொள்ளலாம்.

ஒரே அளவாக 200, 300 மில்லிமீற்றர் கடைய வேண்டிய ஹைட்ரோலிக் ரொட் போன்ற வேலைதான் உங்களுக்கு முக்கியம் என்றால் அந்த லேத் உதவாது. உங்கள் கடிதத்தில் அப்படி ஒன்றும் இல்லை. ஆகவே உங்களுக்கு என் எல்லை இதுதான்: 150 மில்லிமீற்றருக்குள் மொத்த வித்தியாசம் 0.02க்குள் இருந்தால் நல்ல லேத், பேரத்தில் அதிகம் முறுக்க வேண்டாம். 0.05 வரை இருந்தால் வாங்கலாம், விலை இறங்க வேண்டும். அதைத் தாண்டினால் வேண்டாம்.

அடுத்தது ஸ்பின்டில். லேத்தை நீங்கள் போவதற்கு முன்னால் ஓட்டிச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஹெட்ஸ்டொக்கில் கை வைத்துப் பாருங்கள், குளிர்ந்திருக்க வேண்டும். டயல் கேஜின் காந்தத்தைப் பெட்டில் ஒட்டி, முனையைச் ஸ்பின்டில் மூக்கில் வைத்துக் கையால் சுற்றினால் ஆட்டம் 0.01க்குள் நிற்க வேண்டும். பிறகு சக்கில் ஒரு நீளமான கம்பியைப் பிடித்து மேலே நெம்புங்கள். முள் 0.03க்கு மேல் நகர்ந்தால் பேரிங் தளர்ந்திருக்கிறது. அதை இறுக்க வழி இருக்கும். இறுக்கியபின் அரைமணி நேரம் ஓட்டும்போது கொதித்தாலோ முனகினாலோ பேரிங் மாற்ற வேண்டும். லேத்துக்கான துல்லியப் பேரிங் சாதாரண பேரிங்கைப்போலப் பல மடங்கு விலை. விலைபேசும்போது அதைக் கணக்கில் எடுங்கள்.

எல்லா கியரிலும், குறைந்த வேகத்திலிருந்து கூடிய வேகம் வரை ஓட்டிக் கேளுங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு ‘டிக்’ கேட்டால் பல் உடைந்திருக்கிறது. சத்தமே இல்லாமல் மிக அமைதியாக ஓடினாலும் எண்ணெயைப் பாருங்கள். தடித்த கியர் ஒயிலை ஊற்றிச் சத்தத்தை அமுக்குவது பழைய தந்திரம். கொஞ்சம் வடித்து வெள்ளைக் கடதாசியில் விட்டால் பித்தளைத் தூள் மினுக்குகிறதா, தண்ணீர் கலந்து பால்போல இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

கிராஸ் ஸ்லைடில் பாதிச் சுற்று வெறுமனே சுற்றினாலும் அதற்காக லேத்தை விட வேண்டாம். ஜோ வாய் விரிந்திருந்தாலும் அப்படித்தான். ஆனால் நான்கு ஜோ சக், ஸ்டெடி, மரை வெட்டும் மாற்றுக் கியர்கள் இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். கியர்கள் உங்களுக்கு மற்றவர்களைவிட முக்கியம். நம் பக்கத்துப் பழைய தேயிலை இயந்திரங்கள் பிரித்தானியக் காலத்தவை; அவற்றில் இன்னும் விட்வர்த் மரைதான். பம்பும் முச்சக்கர வண்டியும் மெட்ரிக். இரண்டும் வெட்டக்கூடிய லேத் வேண்டும். ஹெட்ஸ்டொக்கில் ஒட்டியிருக்கும் மரை அட்டவணையில் மில்லிமீற்றர் வரிசையும் அங்குலத்துக்கு எத்தனை மரை என்ற வரிசையும் இருக்கிறதா என்று வாசியுங்கள். அட்டவணை இருந்து கியர் இல்லாவிட்டால் பாதி மரைகளை வெட்ட முடியாது. ஏலத்தில் பழைய இங்கிலாந்து லேத் ஒன்று கிடைத்தால், மெட்ரிக் மரைக்கு 127 பல் கியர் கூட வருகிறதா என்று கேளுங்கள்.

இப்போது கரண்ட். உங்கள் கடிதத்தை வாசித்தபோது எனக்கு அதிகம் உறுத்தியது இதுதான். ஜப்பானில் த்ரீ பேஸ் 200 வோல்ட். நம் நாட்டில் 400. அதனால் ஜப்பான் மோட்டரை நம் த்ரீ பேஸில் நேரே கொடுக்க முடியாது. டிரான்ஸ்போமர் வைக்க வேண்டும், அல்லது மோட்டரை மாற்ற வேண்டும். உங்களிடம் சிங்கிள் பேஸ் மட்டும் இருப்பது இந்த இடத்தில் வசதியாகப் போகிறது. 230 வோல்ட் சிங்கிள் பேஸை வாங்கித் த்ரீ பேஸாக மாற்றிக் கொடுக்கும் இன்வர்ட்டரை 200 வோல்ட்டுக்கு அமைத்துவிட்டால் ஜப்பான் மோட்டர் அதில் சரியாக ஓடும். வேகத்தையும் கூட்டிக் குறைக்கலாம்.

ஆனால் மோட்டர் 2.2 கிலோவோட்டா, 3.7 கிலோவோட்டா என்று பிளேட்டில் பாருங்கள். 6 அடி லேத்துகளில் இரண்டும் வரும். 2.2 என்றால் முழுச் சுமையில் சிங்கிள் பேஸிலிருந்து ஏறக்குறைய 18 அம்பியர் இழுக்கும். 30 அம்பியர் இணைப்புத் தாங்கும், கூடவே வெல்டிங் பிளான்ட்டை ஓட்டாதவரை. 3.7 என்றால் 30 அம்பியரையே தொடும், தாங்காது. அப்போது 2.2 மோட்டர் ஒன்றை மாற்றிப் போட்டு, கட்டின் ஆழத்தைக் குறைத்து வேலை செய்யலாம். உங்கள் வேலைகளுக்கு அது போதும். கொழும்பில் விற்பவர் மோட்டரை ஏற்கெனவே 400 வோல்ட்டுக்குச் சுற்றி வைத்திருந்தால் பிளேட்டில் 200 என்று இருந்தாலும் உள்ளே வேறாக இருக்கும். வாயால் கேட்பதோடு நிற்காமல், எந்தக் கரண்டில் ஓட்டிக் காட்டுகிறார் என்று பாருங்கள்.

இன்வர்ட்டரை மாட்டும் எலக்ட்ரீசியனுக்கு இரண்டு விஷயம் சொல்லுங்கள். லேத்தின் முன்னும் பின்னும் ஓட்டும் சுவிட்ச் இன்வர்ட்டரின் கட்டளைக் கம்பிகளுக்குப் போக வேண்டும். இன்வர்ட்டருக்கும் மோட்டருக்கும் நடுவே சுவிட்ச் போட்டு வெட்டக் கூடாது, இன்வர்ட்டர் எரியும். மற்றது, வீட்டோடு சேர்ந்த டிரிப் சுவிட்ச் இன்வர்ட்டருக்கு அடிக்கடி விழும். விழுகிறதே என்று டிரிப் சுவிட்சைக் கழற்றிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். மழைத் தண்ணீர் பட்ட ஈரத் தரையில் நின்று இரும்பைத் தொட்டு வேலை செய்கிற இடத்தில் அது உயிருக்கு ஆபத்து. லேத்துக்குத் தனி லைனும் நல்ல எர்த்தும், இன்வர்ட்டருக்குப் பொருத்தமான டிரிப் சுவிட்சும் போடச் சொல்லுங்கள்.

புதிய சீன லேத்தில் இந்தக் கரண்ட் பிரச்சினை கூடும். அந்த அளவு லேத்துகளில் 4 முதல் 7.5 கிலோவோட் வரையான 400 வோல்ட் மோட்டர்தான் வழக்கம். உங்கள் சிங்கிள் பேஸில் ஓடாது. த்ரீ பேஸ் இணைப்பு எடுக்கும் செலவையும் 26 இலட்சத்தோடு கூட்டுங்கள். ஏற்றுகூலியும் சேர்ந்தால் கையிலிருக்கும் 15க்கு மேல் குறைந்தது 12 இலட்சம் கடன் வேண்டும். 15 வீதத்தில் வட்டி மட்டும் வருடத்துக்கு 1,80,000, மாதம் 15,000. முதல் தவணை கட்டும் நாளில் உங்கள் கையில் டூல் வாங்கக்கூடக் காசு இருக்காது. ஒரே உருப்படியை நூற்றுக்கணக்கில் கடைகிறவருக்கும், இயந்திரம் ஒரு நாள் நின்றாலும் ஒப்பந்தம் போய்விடும் என்கிறவருக்கும் புதியதை நான் சொல்வேன். அவர்களும் மேலே சொன்ன கட்டிங் சோதனையைச் செய்து, அளவைப் பார்த்துவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும்.

யாராவது 12 இலட்சத்துக்குப் புதிய லேத் இருக்கிறது என்று காட்டினால் எடையைக் கேளுங்கள். மேசைமேல் வைக்கும் 250, 300 கிலோ லேத்தாக இருக்கும். ஜப்பான் 6 அடி லேத் பெரும்பாலும் 1,500 கிலோ அளவில் இருக்கும். சாவி வெட்டிய பழைய சாப்ட்டை, வெல்டிங் நிரப்பி மேடு பள்ளமான சாப்ட்டைக் கடையும்போது அந்தக் கனம்தான் டூலை நடுங்காமல் பிடிக்கிறது.

பழைய லேத்தின் செலவை நான் இப்படிப் போடுகிறேன். விலைகளை நீங்கள் அங்கங்கே கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். பூம் டிரக்கும் லொறியும் இறக்கும் செலவும் ஒரு இலட்சம். இன்வர்ட்டர், வயரிங் ஒரு இலட்சம். நட், பெல்ட், எண்ணெய், சில டூல்கள் ஒரு இலட்சம். ஆக 15இல் 3 போனால் லேத்துக்கு 12 மிஞ்சும். விற்பவர் 14 சொல்கிறார். ஐந்து அளவுகளையும் இல்லாத கியரையும் எழுதிய தாளை அவர் முன்னால் வைத்துப் பேசுங்கள். ‘பழசுதானே, குறையுங்கள்’ என்று சொல்கிற நூறு பேரை அவர் பார்த்திருப்பார். அளந்து எழுதிவந்தவருக்குப் பதில் சொல்லியாக வேண்டும். 12இல் முடிந்தால் கடன் இல்லை. பெட் 0.02க்குள் இருந்து, சாமான்களும் முழுமையாக இருந்தால் 13 வரை போகலாம்; அந்த ஒரு இலட்சத்தைச் சிறு கடனாக எடுப்பது உங்களை நெரிக்காது.

விற்பனை விலையைக் கேட்டிருந்தீர்கள். புதிய லேத் உங்கள் பட்டறைக்குள் வந்த அன்றே உத்தரவாதத்தின் பெறுமதியையும் வியாபாரியின் இலாபத்தையும் இழந்துவிடுகிறது. ஒரு வருடம் கழித்து விற்கப் போனால், இன்னும் கொஞ்சம் போட்டுப் புதியதையே எடுக்கலாமே என்றுதான் வாங்குபவர் கணக்குப் பார்ப்பார். 26க்கு வாங்கியது 18, 19க்குப் போனால் நல்ல விலை என்பேன். பழைய ஜப்பான் லேத் விழ வேண்டிய அளவு ஏற்கெனவே விழுந்துவிட்டது. பெட்டைக் காப்பாற்றி வைத்திருந்தால் 12க்கு வாங்கியதை நாலைந்து வருடம் கழித்தும் அதற்குக் கிட்டவே விற்கலாம் என்பது என் கணிப்பு. 2022இல் டொலர் 200 ரூபாவளவிலிருந்து 360 வரை ஏறியபோது பழைய இயந்திரங்களின் விலையும் சேர்ந்து ஏறியது. அதை இலாபம் என்று எண்ணக் கூடாது. விற்ற காசுக்கு அதே இயந்திரம்தான் திரும்பக் கிடைத்திருக்கும். ஆனாலும் கையில் ரூபாவாக வைத்திருந்தவரைவிட லேத் வைத்திருந்தவர் தப்பினார்.

நீங்கள் செலவழிக்கும் எல்லாமே விற்பனை விலையில் திரும்பாது. பெயின்ட் திரும்பாது, பார்க்கப்போனால் புதுப் பெயின்ட் வாங்குபவருக்குச் சந்தேகத்தைத்தான் தரும். நல்ல நான்கு ஜோ சக் திரும்பும், முழுக் கியர் தொகுதி திரும்பும். இன்வர்ட்டரைக் கழற்றி அடுத்த இயந்திரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். தக்கிசாவா, வாஷினோ போன்ற பெயர் பொறித்த பிளேட்டையும் மரை அட்டவணையையும் பெயின்ட் மூடாமல் பாதுகாத்து, வாங்கிய பில்லையும் பத்திரமாக வையுங்கள். 6 அடி அளவுக்கு எப்போதும் ஆள் வரும். மலிவாகக் கிடைக்கிறது என்று 10 அடி லேத்தை எடுத்தால் இறக்க இடமில்லை, விற்க ஆளில்லை. இன்னொன்று, வாங்குபவர் கொழும்பிலோ கண்டியிலோ இருந்தால் மலையிலிருந்து இறக்கும் லொறிக்கூலியை உங்கள் விலையிலிருந்துதான் கழிப்பார். ஹட்டன், நுவரெலியா, வெலிமடைப் பட்டறைக்காரர்களிடம் முதலில் சொல்லிவைப்பது நல்லது.

ஏற்றும்போது நீங்களே கூட நில்லுங்கள். ஹெட்ஸ்டொக் பக்கம்தான் பாரம். சேடிலையும் டெயில்ஸ்டொக்கையும் மறுகோடிக்குத் தள்ளிப் பூட்டிவிட்டுத் தூக்க வேண்டும். பெல்ட்டைப் பெட்டின் அடியில் கொடுக்க வேண்டும், லீட் ஸ்குரூவில் பட்டு வளைந்தால் இவ்வளவு நேரம் சோதித்ததும் வீண். கித்துள்கல, கினிகத்தேனை வளைவுகளில் லேத் சாய்ந்துவிடாமல் நான்கு பக்கமும் இழுத்துக் கட்டுங்கள். பட்டறையில் மண் நிரப்பி உயர்த்திய ஓரத்தில் வைக்காதீர்கள்; மழைக்கு அந்தப் பக்கம் இறங்கும், பெட் முறுகும். வெட்டிய பக்கத்துத் தரையில், ஆறு அங்குல கொங்கிறீட்டில் நிறுத்தி, மட்டம் பார்த்து, ஒரு மாதம் கழித்து மறுபடி மட்டம் பாருங்கள்.

உங்கள் பக்கத்துப் பனியும் தென்மேற்குப் பருவ மழையும் பெட்டுக்குத் தூசியைவிடக் கெடுதல். வேலை முடிந்ததும் துடைத்து எண்ணெய் பூசுங்கள். பிளாஸ்டிக் தாளால் மூடினால் உள்ளே வியர்த்துத் துருப்பிடிக்கும்; தடித்த துணியால் மூடி, அடியில் ஒரு பழைய 40 வோட் குண்டு பல்பைத் துணியில் படாமல் எரியவிடுங்கள். அந்தச் சூடு போதும்.

லேத்தோடு கம்ப்ரசரும் பழையது தருகிறேன் என்று சொல்வார்கள். வாங்காதீர்கள். தொட்டி உள்ளேயிருந்து துருப்பிடிக்கும், வெளியே தெரியாது, வெடித்தால் ஆளைக் கொல்லும். வேலை அழுத்தத்தைப்போல ஒன்றரை மடங்குக்குத் தண்ணீர் நிரப்பி அழுத்திச் சோதித்துக் காட்டினாலொழிய அதைத் தொடவே வேண்டாம்.

போய்ப் பார்த்த பிறகு ஐந்து இடத்து அளவையும், மோட்டர் பிளேட்டின் படத்தையும், மரை அட்டவணையின் படத்தையும் எனக்கு அனுப்புங்கள். முற்பணம் கேட்டால், அளவுகளைப் பார்த்துப் பதில் சொல்கிறேன் என்று இரண்டு நாள் தவணை சொல்லிவிட்டு வாருங்கள்.